பெட்டி பிரித்த நாளா, வந்து சேர்ந்த நாளா?

ஆடியில் வாங்கி ஆவணியில் பிரிப்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ரொம்ப இயல்பாக நடக்கிற ஒன்று. ஆடி மாதம் சேலம் முழுக்கத் தள்ளுபடி, கடையிலும் ஆன்லைனிலும் விலை இறங்கியிருக்கும், ஆனால் கல்யாணம், புதுவீடு என்று எதையும் ஆடியில் வைக்க மாட்டார்கள். அதனால் கிரைண்டர், மிக்சி, ஃபேன் எல்லாம் ஆடியிலேயே வாங்கி, அட்டைப்பெட்டியோடு பீரோவுக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ வைத்துவிட்டு, ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிய பிறகுதான் பிரிப்பார்கள். பால் காய்ச்சுவதற்கு முன்னால் புதுப்பொருளைப் பிரித்துப் புழங்குவது பெரியவர்களுக்குப் பிடிக்காது. இந்த இடைவெளி சாதாரணமாக இருபது நாளிலிருந்து நாற்பது நாள் வரை போகும். ஆன்லைனில் பொருளைத் திருப்பித் தரவோ மாற்றிக்கொள்ளவோ கொடுக்கிற கெடு பெரும்பாலும் ஏழு நாள் அல்லது பத்து நாள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது.

நான் சேலத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் முதலில் பில் போடும் பக்கத்திலும், அப்புறம் திரும்பி வருகிற சரக்கைப் பார்க்கும் பக்கத்திலும் வேலை பார்த்தவன். அந்த மேசைக்கு வருகிற கோபத்தில் பாதி இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்: "பெட்டியே பிரிக்கலையே, அதுக்குள்ள எப்படி நாள் முடிஞ்சுது?" கேட்பவர்கள் நேர்மையாகத்தான் கேட்கிறார்கள். பொருளைப் பார்த்தால்தானே அது நல்லதா கெட்டதா என்று தெரியும், பார்க்காத பொருளுக்குக் கெடு எப்படி ஓடும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதிலும் இருக்கிறது. அந்தப் பதிலைச் சரியாகப் புரிந்துகொண்டால், எந்த இடத்தில் வாடிக்கையாளர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், எந்த இடத்தில் விடவே கூடாது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

பொருளைக் கையில் கொடுத்த நாள் இரண்டு பேருக்கும் தெரிந்த நாள். கொண்டு வந்தவர் பார்கோடை ஸ்கேன் செய்கிறார், ஓடிபி கேட்கிறார் அல்லது வாசலில் வைத்துப் படம் எடுக்கிறார், அந்த நிமிடமே அது பதிவாகிவிடுகிறது. பெட்டியைப் பிரித்த நாள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த நாள். நேற்றுத்தான் பிரித்தேன் என்று சொன்னால், அதை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் விற்றவரிடம் எந்த வழியும் கிடையாது. ஒரு கெடுவின் தொடக்கம் ஒரு தரப்பின் சொல்லை மட்டும் நம்பி இருந்தால், அதற்கு முடிவே இருக்காது. ஒரு வருடம் பரணில் கிடந்த மிக்சியும் நேற்று வந்த மிக்சியும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடும்.

இதை விற்பவர் பக்கமிருந்து பார்க்க வேண்டுமானால் இளம்பிள்ளைக்குப் போகலாம். சேலத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் புடவை விற்கிற குடும்பங்கள் ஏராளம், பெரிய விற்பனைத் தளங்களிலும் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பிலும் விற்கிறார்கள். தளத்தின் வழியாக விற்ற புடவைக்குப் பணம் உடனே கைக்கு வருவதில்லை. பொருள் போய்ச் சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடு கடந்த பிறகு கணக்கு முடிப்பதுதான் பல தளங்களின் வழக்கம். வாங்கியவர் எப்போது பிரிப்பாரோ அப்போதுதான் கெடு தொடங்கும் என்றால், தீபாவளிக்கு விற்ற புடவையின் பணத்தைப் பொங்கல் வரைக்கும் நூல்காரருக்கும் தறிக்காரருக்கும் கொடுக்க முடியாது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்கிறவர்கள் இன்னும் கறாராக இருக்கிறார்கள். பார்சல் கிடைத்த ஒரு நாளுக்குள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும், பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும், வெட்டாமல் ஒட்டாமல் முழுதாக வேண்டும் என்பார்கள். கேட்கக் கடுப்பாக இருக்கும். ஆனால் உடுத்திக் கசக்கிய புடவை திரும்பி வந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பது புரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் பலரும் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. முன்பே பார்த்திராத பொருளைப் பெற்றுக்கொண்டால், அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது 41ஆம் பிரிவு. அடுத்த பிரிவு, நியாயமான காலம் கடந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லாமல் பொருளை வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும் என்கிறது. கவனித்துப் பாருங்கள், இரண்டிலுமே பெட்டியைப் பிரித்த நாளைப் பற்றிய பேச்சே இல்லை. சட்டம் பார்ப்பது வாய்ப்பை. நீங்கள் எப்போது பிரித்தீர்கள் என்பதை அது கேட்பதில்லை, எப்போதிலிருந்து பிரித்திருக்க முடியும் என்பதைத்தான் கேட்கிறது. பொருள் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் அன்றிலிருந்து வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது, ஆடி என்பதால் பிரிக்காமல் விட்டது உங்கள் முடிவு.

இதே வாதத்தைத் திருப்பிப் போட்டால் அது வாங்கியவருக்குச் சாதகமாக வேலை செய்யும். பொருள் உங்கள் கைக்கே வரவில்லை, ஆனால் திரையில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று காட்டுகிறது என்றால், உங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை. அங்கே தயங்காமல் வாதாடலாம். மலையில் இருக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

என் பெரியம்மா மகன் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார். கொஞ்சம் காபி, ஊடே மிளகு. பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புதுவீடு கட்டி, ஆவணி 12இல், அதாவது ஆகஸ்ட் 28இல் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். ஆடியிலேயே ஆன்லைனில் ஒரு டேபிள்டாப் கிரைண்டருக்கு ஆர்டர் போட்டார்கள். பொருளின் பக்கத்தில் '10 நாளுக்குள் மாற்றித் தரப்படும்' என்று போட்டிருந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பார்சல் வண்டி ஏறி வந்தாலும், நாகலூர் மாதிரி உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்கு ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டு போய்க் கொடுக்க ஆட்களால் முடிவதில்லை. போன் செய்து, டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். அண்ணன், ஒண்டிக்கடைப் பக்கம் தனக்குப் பழக்கமான ஒரு கடையைச் சொல்லி அங்கே வைத்துவிடச் சொன்னார், ஓடிபியையும் போனிலேயே சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 5, இரவு 8.47க்கு டெலிவரி என்று பதிவாயிற்று. அண்ணன் அடுத்த நாள் மத்தியானம் டவுனுக்கு வந்தபோது பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். போய்ப் பழைய வீட்டின் உள்ளறையில் வைத்ததுதான், யாரும் பிரிக்கவில்லை.

ஆக இந்தப் பெட்டிக்கு மூன்று தேதி இருக்கிறது. திரையில் ஆகஸ்ட் 5, கைக்கு வந்தது ஆகஸ்ட் 6, பிரித்தது ஆகஸ்ட் 28.

முதல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒரு நாளை முதலில் பார்த்துவிடலாம். கடையில் வைக்கச் சொன்னது அண்ணன்தான். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, வாங்குபவரின் சார்பாகப் பொருளை வைத்துக்கொள்ள அவர் அனுமதித்த ஒருவரிடம் கொடுத்தாலும் அது வாங்குபவரிடம் கொடுத்ததுதான். கடைக்காரர் அண்ணனுக்காக வாங்கி வைத்தார், எனவே 5ஆம் தேதி என்பது சரியான தேதிதான், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. அண்ணன் எதுவும் சொல்லாமலேயே கொண்டு வந்தவர் தானாக எங்கோ ஒரு கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தால் கதை வேறு. ஆனால் அப்போதும் ஓடிபி ஒரு சிக்கல். ஓடிபி கொடுப்பது என்பது ரசீதில் கையெழுத்துப் போடுவதுதான். பெட்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் போனில் அதைச் சொல்லிவிட்டால், 'எனக்கு வந்து சேரவில்லை' என்று பிற்பாடு சொல்வதற்கு உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. மலையில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கடையில் வைக்கச் சொல்லுங்கள், ஆனால் ஓடிபியைக் கடைக்காரருக்கு அனுப்புங்கள், அவர் பெட்டியை வாங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி பத்து நாளை எண்ணும் விதம். இங்கே மூன்று கணக்கு சாத்தியம். டெலிவரி நாளையே முதல் நாளாக எண்ணினால் 14ஆம் தேதி இரவோடு முடியும். டெலிவரி நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ணினால் 15ஆம் தேதி இரவு வரை இருக்கும். நாளை எண்ணாமல் மணியை எண்ணினால், அதாவது இருபத்து நான்கு மணி நேரமாகப் பத்து தடவை என்றால், 15ஆம் தேதி இரவு 8.47க்கே முடிந்துவிடும். நம் சட்டங்களில் பொதுவான வழக்கம் இரண்டாவதுதான். ஒரு நாளிலிருந்து என்று சொல்லிக் காலத்தைக் கணக்கிட்டால் அந்தத் தொடக்க நாளைச் சேர்க்கக் கூடாது என்பது 1897ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இருக்கிறது, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் அப்படியே எண்ணுகிறது. நாள் பாதியில் தொடங்குகிறது, இரவு எட்டே முக்காலுக்கு வந்த பெட்டிக்கு அன்றைய தேதியை முழு நாளாகப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை என்பதுதான் அதன் பின்னால் இருக்கிற எண்ணம். ஆனால் இந்தச் சட்டங்கள் சட்டத்தில் சொன்ன காலத்துக்கும் வழக்குக்கும் உரியவை. விற்பனைத் தளத்தின் பத்து நாள் என்பது அவர்கள் எழுதி நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை, அதில் எப்படி எண்ணுவோம் என்று தெளிவாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதாமல் விட்டிருந்தால், தொடக்க நாளை விட்டு எண்ண வேண்டும் என்று கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

அண்ணனின் ஆர்டரில் இந்தக் குழப்பம் இல்லை. 'ஆகஸ்ட் 15 வரை' என்று திரையிலேயே காட்டியிருந்தது. பொருள் வந்த அன்றே ஆர்டர் விவரத்துக்குள் போய் இந்தக் கடைசித் தேதியைப் பார்த்து, திரையைப் படம் பிடித்து வைப்பது நல்லது, ஏனென்றால் கெடு முடிந்ததும் பல இடங்களில் அந்த வரியே மாறிவிடும். 15ஆம் தேதி அரசு விடுமுறையாயிற்றே, மறுநாளுக்குத் தள்ளிப் போகாதா என்று அண்ணி கேட்டார். நீதிமன்றக் கெடு என்றால் தள்ளும். ஒரு பொத்தானை அழுத்திக் கோரிக்கை போடுகிற வேலைக்கு விடுமுறை ஒரு தடை இல்லை என்பதால் அவர்கள் தள்ளுவதில்லை. இன்னொன்று, கெடுவுக்குள் நடக்க வேண்டியது கோரிக்கை பதிவாவது மட்டும்தான். ஆள் வந்து பெட்டியைத் திரும்ப எடுத்துப் போவது பிந்தினாலும் பரவாயில்லை, மலைக்கு எடுக்க வரும் வண்டி பிந்தத்தான் செய்யும். பதிவு எண் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

28ஆம் தேதி காலையில் பால் காய்ச்சி, சாமி கும்பிட்டு, கிரைண்டரைப் பிரித்தார்கள். கீழ்ப்பகுதியின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் உடம்பு விரிசல் விட்டிருந்தது, டிரம் சுற்றும்போது ஆட்டமும் இருந்தது. மாற்றித் தரும் பொத்தான் திரையில் இல்லை. வாரண்டி அட்டையைப் பார்த்தால், மோட்டாருக்கு உண்டு, உடைசலுக்கு இல்லை என்று இருந்தது. அண்ணன் எனக்குப் போன் செய்து முதலில் கேட்டது, "தம்பி, பெட்டி இப்பத்தான் பிரிச்சோம்னு எல்லாருமே சாட்சி, இருபது பேர் பார்த்தாங்க, அது போதாதா?"

போதாது. இருபது பேரும் பார்த்தது பெட்டி அன்று பிரிக்கப்பட்டதை. 5ஆம் தேதிக்கும் 28ஆம் தேதிக்கும் நடுவே அந்தப் பெட்டி ஜீப்பில் போயிருக்கிறது, உள்ளறையில் இருந்திருக்கிறது, புதுவீட்டுக்குத் தூக்கி வரப்பட்டிருக்கிறது. விரிசல் எங்கே விழுந்தது என்பதை அந்த இருபது பேராலும் சொல்ல முடியாது. கெடு டெலிவரியிலிருந்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்தான். நாள் ஆக ஆக, வழியில் உடைந்ததா வீட்டில் உடைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினமாகிக்கொண்டே போகும். துணி அளவு சரியில்லை, நிறம் வேறு என்பதெல்லாம் ஒரு மாதம் கழித்தும் மாறாது, அப்படியே இருக்கும். உடைசல் அப்படி இல்லை.

ஆனால் கெடு முடிந்ததால் எல்லாமே முடிந்துவிட்டதாக ஆகிவிடாது. பத்து நாள் என்பது காரணம் அதிகம் கேட்காமல் மாற்றித் தருவதற்கு விற்பவர் வைத்த வசதி. குறையுள்ள பொருளைப் பற்றிச் சட்டம் தனியாகப் பேசுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எவையெல்லாம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிற 2(47) பிரிவில் ஒரு வாசகம் உண்டு: குறையுள்ள பொருளை, பில்லிலோ ரசீதிலோ குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது அதில் சேரும். 2020இல் வந்த மின்வணிக விதிகளும், பொருள் குறையுள்ளதாகவோ, சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. அண்ணனின் பில்லை வாங்கிப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண், தொகை, முகவரி எல்லாம் இருந்தது, திரும்பப் பெறும் காலம் என்று ஒரு வரிகூட இல்லை. பத்து நாள் என்பது தளத்தின் பக்கத்தில்தான் இருந்தது. அதனால் முப்பது நாள் என்ற வாதத்தை வைக்க இடம் இருந்தது. 5ஆம் தேதியிலிருந்தே எண்ணினாலும் 28 என்பது இருபத்து மூன்றாவது நாள். பெட்டி பிரித்த நாளை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, டெலிவரி நாளை ஒப்புக்கொண்டே கேட்கலாம். எதிர்த்தரப்பு, தளத்தில் எழுதியதும் பில்லோடு சேர்ந்ததுதான் என்று வாதாடலாம், அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் வாதாட வேண்டிய இடத்துக்கு அவர்களைக் கொண்டு வருவதே பாதி வேலை.

மீதிப் பாதிதான் உடைசலை நிரூபிப்பது. அதற்கு உதவியது, கெடுவைத் தொடங்கி வைத்த அதே டெலிவரிப் பதிவு. ஓடிபி வாங்கியதோடு, பெட்டியைக் கடையில் வைத்தபோது கொண்டு வந்தவர் ஒரு படமும் எடுத்திருந்தார், ஆர்டர் விவரத்தில் அது இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அட்டைப்பெட்டியின் கீழ் மூலை நசுங்கியிருப்பது தெரிந்தது. பெட்டியை அப்படியே நிமிர்த்தி, கிரைண்டரைத் தெர்மாகோல் அச்சுக்குள் மறுபடி வைத்துப் பார்த்தால், நசுங்கிய மூலையும் விரிசல் விட்ட மூலையும் ஒன்றே. தெர்மாகோலும் அந்த இடத்தில் மட்டும் உடைந்திருந்தது. நல்ல வேளையாக அண்ணி அட்டைப்பெட்டியை அடுப்பெரிக்கப் போடவில்லை.

அன்று சாயங்காலமே அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதினோம். மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசுவதும் இதுவும் ஒன்றல்ல, அங்கே பேசுகிறவர் திரையில் பொத்தான் இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்வார், அவர் கையில் வேறு எதுவும் இல்லை. கடிதத்தில் கோபமாக ஒரு வரியும் சேர்க்க வேண்டாம் என்றேன். டெலிவரி 5ஆம் தேதி என்று நாமே முதலில் எழுதினோம், பிரித்தது 28 என்றும் எழுதினோம், அவர்களுடைய டெலிவரிப் படம், பெட்டியின் மூலை, தெர்மாகோல், விரிசல் என நான்கு படங்களை வரிசையாக வைத்தோம், பில்லில் கால வரம்பு இல்லை என்பதையும் சொன்னோம்.

முதல் பதில் எதிர்பார்த்ததுதான், கெடு முடிந்துவிட்டது, வருந்துகிறோம். அதற்கு மறுபடி எழுதினோம், நாங்கள் கேட்பது பத்து நாள் வசதியை அல்ல, வழியில் உடைந்த பொருளைப் பற்றி என்று. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து அந்த எண்ணையும் சேர்த்தோம். செப்டம்பர் கடைசிக்குள் மாற்றுக் கிரைண்டர் வந்தது. அதற்கும் ஒத்துவராமல் போயிருந்தால் சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் வரை நேரமும் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் மூலை நசுங்காமல் இருந்திருந்தால் இந்தப் புகாரை நானே எழுதியிருக்க மாட்டேன். வழியில் உடைந்தது என்று சொல்ல எதுவுமே இல்லாமல் இருபத்து மூன்று நாள் கழித்துக் கேட்பது இளம்பிள்ளைக்காரர்களிடம் கேட்பது போலத்தான், விற்றவர் வேண்டாம் என்றால் அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஆட்கள் வந்து பொருத்த வேண்டிய பொருள்களில் இது இன்னும் சிக்கலாகும். வாஷிங் மெஷின், ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றிலும் கம்பெனி ஆள் வந்துதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள். டெலிவரியிலிருந்து கெடு ஓடிக்கொண்டிருக்கும், ஆள் சேலத்திலிருந்து மலையேறி வர ஒரு வாரம் ஆகும். இங்கே நீங்கள் நினைத்தாலும் பிரிக்க முடியாது, நான் முன்னால் சொன்ன வாய்ப்பு உங்களிடம் இல்லை, அதைத் தடுத்து வைத்திருப்பது அவர்கள். ஆகவே டெலிவரி ஆன அன்றே பொருத்தித் தரச் சொல்லிக் கோரிக்கை போட்டு, அந்த எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் வருவதற்குள் கடைசித் தேதி நெருங்கினால், இன்னும் ஆள் வரவில்லை, பொருளைப் பார்க்க முடியவில்லை என்று கெடுவுக்குள்ளேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு கடிதம் இருந்தால் தாமதம் யாருடையது என்பதில் பிறகு சந்தேகம் வராது.

வாரண்டி ஓடுவது வேறு கணக்கு. அது பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே தொடங்கும், பெட்டி வண்டியில் இருக்கும்போதே. பொருத்த வேண்டிய சில பொருள்களுக்கு மட்டும் பொருத்திய நாளிலிருந்து என்று அட்டையில் போட்டிருப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் அட்டையைப் படித்துவிடுவது நல்லது.

வெளிநாடுகளில் பிரித்த நாளிலிருந்து எண்ணுகிறார்களாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுக்க 14 நாள் சட்டத்திலேயே உண்டு, நமக்கு அப்படிப் பொதுவான உரிமை கிடையாது. ஆனால் அவர்களும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓட்டுகிறார்கள், அந்த நாளை விட்டு எண்ணுகிறார்கள். ஒரே ஆர்டரில் இரண்டு மூன்று பெட்டியாகத் தனித்தனியாக வந்தால் கடைசிப் பெட்டி வந்த நாள்தான் தொடக்கம். அந்தக் கடைசி விஷயம் மட்டும் எனக்கு ஏக்கம் தரும். இங்கே பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கெடு, கட்டிலின் ஃபிரேம் திங்கட்கிழமை வந்து, போல்ட்டும் கால்களும் அடுத்த வாரம் வந்தால், சேர்த்துப் பார்ப்பதற்குள் ஃபிரேமுக்கான நாள் முடிந்துவிடும்.

ஆடியில் வாங்குவதை விடச் சொல்லி யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை, விலை அப்போதுதான் இறங்குகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசி இப்போது ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். பெட்டி வந்த அன்றே ஆறு பக்கமும் படம் எடுப்பது, டேப்பை ஒரு பக்கம் மட்டும் அறுத்து உள்ளே உடைசல் இருக்கிறதா, சொன்ன மாடல்தானா, எல்லாச் சாமானும் இருக்கிறதா என்று பார்ப்பது, மின்சாரப் பொருளானால் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது, அதைப் பழைய வீட்டிலேயே வைத்துச் செய்வது. மாவு அரைப்பது, சமைப்பது எல்லாம் பால் காய்ச்சிய பிறகுதான். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்கறதுல ஒண்ணும் இல்ல, புழங்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார். அடுத்து வாட்டர் ஹீட்டர் வாங்கப் போகிறார்கள், பொருத்தும் ஆளுக்கு அதே நாளில் பதியச் சொல்லியிருக்கிறேன்.